தோட்டக் கம்பெனி கைமாறினால் சின்னப் பங்குதாரருக்கு என்ன வழி? கட்டாய ஆஃபர், படிப்படியாக

சுங்கை சிப்புட்டில் எங்கள் தெருவில் இருக்கும் அக்கா ஒரு நாள் காலையில் தடித்த கவர் ஒன்றோடு வந்தார். அவருடைய கணவர் பக்கத்துத் தோட்டத்தில் கிராணியாக இருந்தவர். போன வருடம் தவறிவிட்டார். கவர் அவர் பெயருக்குத்தான் வந்திருந்தது. தோட்ட ஆபீஸ் பெட்டியில் எட்டு நாள் கிடந்து, யாரோ எடுத்து வந்து கொடுத்திருக்கிறார்கள். உள்ளே நூறு பக்கத்துக்கும் மேல் ஒரு புத்தகம், கடைசியில் ஒரு பாரம்.

“தம்பி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தா காசு வருமாமே. போடலாமா?”

நான் ஈப்போவில் ஒரு பங்குத் தரகர் ஆபீஸில் பல வருடம் வேலை பார்த்தவன். இந்தப் புத்தகம் எனக்குப் பழக்கம். அப்படியும் உடனே பதில் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் இதில் “போடு”, “போடாதே” என்று ஒரே வரியில் சொல்லி முடிக்க முடியாது. அன்று இரண்டு மணி நேரம் உட்கார்ந்து அக்காவுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். கம்பெனி பெயரைச் சொல்லவில்லை. கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று எண்களை மாற்றியிருக்கிறேன்.

முதலில், இது ஏன் வருகிறது

எங்கள் ஊருக்குக் கூட்டுறவு புதிதில்லை. 1950-களில் வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுப் போனபோது, தொழிலாளர்களிடம் ஆளுக்கு 10 வெள்ளி வாங்கித் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை 1960-இல் தொடங்கிய துன் சம்பந்தன் இந்த ஊர்க்காரர். கூட்டுறவில் ஒரு ஆளுக்கு ஒரு ஓட்டு. எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஓட்டு ஒன்றுதான்.

கம்பெனியில் அப்படி இல்லை, ஒரு பங்குக்கு ஒரு ஓட்டு. பங்குகளை வாங்கிச் சேர்க்கிறவர் கையில் கம்பெனியும் சேர்ந்துவிடும். அதற்குப் பாதிக்கு மேல் வாங்க வேண்டும் என்றுகூட இல்லை. பொதுக்கூட்டத்துக்கு எல்லாப் பங்குதாரரும் வருவதில்லை. நூற்றுக்கு அறுபது பங்கின் ஓட்டுதான் விழுகிறது என்றால், முப்பத்தொன்றை வைத்திருப்பவர் நினைத்த இயக்குநரை உட்கார வைத்துவிடுவார். மலேசியச் சட்டம் 33 விழுக்காட்டைக் கோடாகப் போட்டிருப்பது இதனால்தான். 33-க்கு மேல் ஓட்டுரிமை போனாலே ‘கட்டுப்பாடு’ கைமாறிவிட்டது என்று 2007-ஆம் ஆண்டின் மூலதனச் சந்தை, சேவைகள் சட்டம் கொள்கிறது. சிங்கப்பூரிலும் பிரிட்டனிலும் இந்தக் கோடு 30, இந்தியாவில் 25.

கோட்டைத் தாண்டியவர் மீதியுள்ள எல்லாருடைய பங்கையும் வாங்கிக்கொள்கிறேன் என்று ஆஃபர் கொடுத்தே ஆக வேண்டும். அக்காவின் கவருக்குள் இருந்தது அதுதான்.

இதற்கு இரண்டு காரணம் உண்டு, இரண்டும் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. ஒன்று, விலை. கம்பெனியின் பிடியை வாங்குகிறவர் சாதாரணச் சந்தை விலைக்கு மேல் கொடுப்பார். அந்தக் கூடுதல் பணம், விற்ற பெரிய குடும்பத்துக்கு மட்டும் போனால், அதே மாதிரிப் பங்கை வைத்திருக்கும் கிராணியின் மனைவிக்கு ஒன்றும் இல்லை. இரண்டாவது, நம்பிக்கை. அக்காவின் கணவர் அந்தப் பழைய நிர்வாகத்தைத் தெரிந்து, நம்பிப் பங்கு வாங்கினார். புது முதலாளியை அவர் தேர்ந்தெடுக்கவில்லை. புதியவர் தோட்டத்து நிலத்தை எப்படிப் பயன்படுத்துவார், டிவிடெண்டை நிறுத்துவாரா, தன் இன்னொரு கம்பெனியோடு என்ன கொடுக்கல் வாங்கல் வைப்பார் என்று யாருக்கும் தெரியாது. அதனால், “உங்களோடு நான் வரவில்லை, என் பணத்தைக் கொடுங்கள்” என்று சொல்லி வெளியேற ஒரு கதவைச் சட்டம் திறந்து வைக்கிறது.

இந்தியச் சந்தையையும் கவனிக்கிறவர்கள் ஒன்றைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அங்கே ஆஃபர் குறைந்தது 26 விழுக்காட்டுக்கு இருந்தால் போதும். விற்க வருகிறவர்கள் அதிகமானால் நம் பங்கில் ஒரு பகுதியைத்தான் எடுப்பார்கள். மலேசியாவில் முழுவதையும் வாங்க வேண்டும்.

யார் யாரைச் சேர்த்து எண்ணுவது

புத்தகத்தைத் திறந்ததும் நான் முதலில் தேடியது, வாங்குகிறவரும் அவரோடு சேர்ந்து இயங்குகிறவர்களும் எவ்வளவு வைத்திருக்கிறார்கள் என்ற அட்டவணையை. கோடு தனி ஒருவருக்கு மட்டும் இல்லை. ஒரே குழுமக் கம்பெனிகள், இயக்குநர்கள், நெருங்கிய குடும்பத்தார், ஒப்பந்தம் போட்டுச் சேர்ந்து நடக்கிறவர்கள் எல்லாரையும் ஒன்றாகக் கூட்டித்தான் எண்ண வேண்டும்.

நம் கணக்கில் மொத்தம் 100 மில்லியன் பங்குகள் என்று வைத்துக்கொள்வோம். வாங்கியவர் பழைய முதலாளி குடும்பத்திடமிருந்து 30 மில்லியனை மொத்தமாக, பங்குக்கு 2.40 ரிங்கிட் கொடுத்து வாங்கினார். தனியாகப் பார்த்தால் 30 விழுக்காடு, கோட்டுக்குக் கீழேதான். ஆனால் அவருடைய தம்பியின் கம்பெனி ஏற்கெனவே சந்தையில் 6 மில்லியன் வாங்கி வைத்திருந்தது. இரண்டும் சேர்ந்தால் 36. கோடு தாண்டியாயிற்று.

இன்னொரு கோடும் உண்டு. 33-க்கு மேல், 50 வரை வைத்திருப்பவர் எந்த ஆறு மாதத்திலும் 2 விழுக்காட்டுக்கு மேல் கூட்டினால் அப்போதும் ஆஃபர் கொடுக்க வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக ஊர்ந்து போய்ப் பாதியைப் பிடிக்காமல் இருக்கத்தான் இது.

விலையைச் சரிபார்ப்பது எப்படி

கட்டாய ஆஃபரில் விலையை வாங்குகிறவர் இஷ்டத்துக்கு வைக்க முடியாது. ஆஃபர் தொடங்குவதற்கு முந்தைய ஆறு மாதத்திலும், ஆஃபர் நடக்கும் காலத்திலும், அவரோ அவர் கூட்டாளிகளோ கொடுத்த ஆக உயர்ந்த விலைக்குக் குறையக் கூடாது. காசாகவும் இருக்க வேண்டும். தன் கம்பெனிப் பங்கை மாற்றித் தருகிறேன் என்று சொன்னாலும், காசாக வாங்கிக்கொள்ளும் வழியைச் சேர்த்தே தர வேண்டும்.

2021-இல் கோலாலம்பூர் கெப்போங் நிறுவனம், ஐ.ஜே.எம். பிளாண்டேஷன்ஸின் 56.20 விழுக்காட்டை ஐ.ஜே.எம். நிறுவனத்திடமிருந்து பங்குக்கு 3.10 ரிங்கிட் விலையில் வாங்கியது. மற்ற பங்குதாரர்களுக்கு வந்த ஆஃபரும் அதே 3.10-தான். பெரியவருக்கு என்ன விலையோ சின்னவருக்கும் அதே விலை.

அக்காவின் புத்தகத்தில் முன்பக்கத்திலேயே ஆஃபர் விலை 2.55 என்று இருந்தது. பெரிய குடும்பத்துக்கே 2.40-தானே கொடுத்தார்கள், நமக்கு ஏன் கூடுதல் என்று அக்கா ஆச்சரியப்பட்டார். பின்னிணைப்பில் ‘கடந்த ஆறு மாதக் கொள்முதல்கள்’ என்ற அட்டவணையைக் காட்டினேன். நான்கு மாதத்துக்கு முன் ஒரு நாள், தம்பியின் கம்பெனி சந்தையில் கொஞ்சம் பங்கை 2.55-க்கு வாங்கியிருந்தது. சின்ன அளவுதான். ஆனாலும் அந்த ஒரு வரிதான் எல்லாருடைய விலையையும் தூக்கிவிட்டது. அக்கா வீட்டில் இருப்பது 6,000 பங்கு. 2.40 என்றால் 14,400 ரிங்கிட், 2.55 என்றால் 15,300. அந்த ஒரு வரியால் 900 ரிங்கிட் கூடுதல். அந்த அட்டவணையைப் பார்க்காமல் யாரும் கையெழுத்துப் போட வேண்டாம் என்பேன்.

அடுத்து டிவிடெண்ட் பற்றிய பத்தி. ஆஃபர் காலத்தில் கம்பெனி டிவிடெண்ட் கொடுத்து, அதை நீங்கள் வைத்துக்கொண்டால், அந்த அளவுக்கு ஆஃபர் விலையைக் குறைத்துக்கொள்ளும் உரிமையைப் பெரும்பாலும் எழுதி வைத்திருப்பார்கள்.

நாள் கணக்கு

ஆஃபர் நோட்டீஸ் வெளியான 21 நாளுக்குள் புத்தகம் அனுப்ப வேண்டும். புத்தகம் அனுப்பிய நாளிலிருந்து ஆஃபர் குறைந்தது 21 நாள் திறந்திருக்கும். புத்தகம் போன 10 நாளுக்குள், கம்பெனியின் இயக்குநர் குழு ஒரு சுயேச்சை ஆலோசகரின் அறிக்கையை உங்களுக்கு அனுப்ப வேண்டும். இப்போது கூட்டிப் பாருங்கள். ஆலோசகர் அறிக்கை வந்த பிறகு யோசிக்க மிஞ்சுவது ஏறக்குறைய 11 நாள். தோட்ட ஆபீஸ் பெட்டியில் தபால் எட்டு நாள் கிடந்தால் மிச்சம் மூன்று.

அதனால் தபாலை நம்பி இருக்காதீர்கள். நோட்டீஸ், புத்தகம், ஆலோசகர் அறிக்கை எல்லாமே `www.bursamalaysia.com` தளத்தில், கம்பெனி அறிவிப்புகள் பகுதியில் வெளிவந்த நாளே கிடைக்கும். லயத்து வீட்டை விட்டு வந்தவர்கள் பங்குக் கணக்கில் முகவரியை மாற்றாமல் விடுவது எங்கள் பக்கம் சர்வ சாதாரணம். பங்குகள் பதிவாகியிருக்கும் சி.டி.எஸ். கணக்கில் இருக்கும் முகவரியை முதலில் மாற்றுங்கள்.

நோட்டீஸ் வருவதற்கு முன்னால் வரும் செய்தியை ஆஃபர் என்று நினைத்து ஏமாறவும் கூடாது. 2023 ஆகஸ்டில், பூஸ்டட் பிளாண்டேஷன்ஸின் 33 விழுக்காட்டைப் பங்குக்கு 1.55 ரிங்கிட் கொடுத்து வாங்கப் போவதாகக் கோலாலம்பூர் கெப்போங் அறிவித்தது. அதைத் தொடர்ந்து எல்லாருக்கும் ஆஃபர் வரும் என்பது திட்டம். அக்டோபரில் அந்த ஒப்பந்தமே கைவிடப்பட்டது. பிறகு ராணுவத்தினர் நிதியான எல்.டி.ஏ.டி. அதே 1.55-க்குத் தானே ஆஃபர் கொடுக்க முன்வந்தது. ஆனால் நடுவில் இருந்த நாட்களில் பங்கு வைத்திருந்தவர் கையில் உறுதியான ஆஃபர் எதுவும் இல்லை. ஒப்பந்தம் நிபந்தனைகளைத் தாண்டி முடிந்த பிறகுதான் ஆஃபர் கடமை பிறக்கிறது.

‘நியாயமில்லை, ஆனால் ஏற்கத்தக்கது’

எல்லாரும் தடுமாறும் இடம் இதுதான், ஆகவே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். சுயேச்சை ஆலோசகர் இரண்டு கேள்விக்குத் தனித்தனியாகப் பதில் சொல்ல வேண்டும். விலை நியாயமா? இது பங்கின் மதிப்போடு ஒப்பிட்டுச் சொல்வது. ஆஃபர் ஏற்கத்தக்கதா? இது மதிப்பைத் தாண்டி, உங்கள் நிலைமையை வைத்துச் சொல்வது.

தோட்டக் கம்பெனியில் மதிப்பு என்றால் பெரும்பாலும் நிலம்தான். கணக்குப் புத்தகத்தில் நிலம் பல வருடத்துக்கு முந்தைய விலையிலேயே இருக்கலாம். ஆலோசகர் மதிப்பீட்டாளரை வைத்து இன்றைய விலையைப் போட்டு, கடனைக் கழித்து, பங்குக்கு எவ்வளவு என்று சொல்வார். அக்காவின் கம்பெனிக்கு 3.60 ரிங்கிட் என்று வந்திருந்தது. ஆஃபர் 2.55. அதாவது மதிப்பைவிட 29 விழுக்காடு குறைவு. அதனால் ‘நியாயமில்லை’.

அந்த 3.60 எப்படி வந்தது என்பதையும் பாருங்கள். மதிப்பீட்டுச் சான்றிதழில் ஒவ்வொரு தோட்டமும் தனி வரியில் இருக்கும். எத்தனை ஹெக்டர், நிரந்தர உரிமையா குத்தகையா, குத்தகை என்றால் இன்னும் எத்தனை வருடம், செம்பனை மரத்தின் வயது என்ன என்று எழுதியிருப்பார்கள். செம்பனை மூன்றாவது வருடம் போலக் காய்க்கத் தொடங்கி, 25 வருடம் ஆனால் மறுநடவுக்கு வந்துவிடும். கிழட்டு மரம் நிறைந்த தோட்டத்துக்கு வெட்டவும் நடவும் பெரிய செலவு காத்திருக்கிறது. இன்னொரு பக்கம், ஊரை ஒட்டிய நிலம் வீட்டுமனையாக மாற வாய்ப்பு இருந்தும் தோட்ட நிலமாகவே விலை போட்டிருக்கலாம். அந்த வட்டாரத்துக்காரர்களுக்கு இது சட்டென்று கண்ணில் படும். அக்காவே ஒரு வரியில் விரலை வைத்து, “இது மெயின் ரோட்டு ஓரம் இருக்கிற டிவிஷன்தானே, பக்கத்துல வீடு கட்டிக்கிட்டு இருக்காங்களே” என்றார். எந்த ஆலோசகர் அறிக்கையிலும் இல்லாத தகவல் அது.

சரி, மதிப்பைவிட 29 விழுக்காடு குறைவாக இருந்தும் ‘ஏற்கத்தக்கது’ என்று ஏன் சொல்கிறார்கள்? அந்த 3.60 கம்பெனிக்குள் இருக்கும் மதிப்பு. நிலத்தை விற்கும் முடிவு அக்கா கையில் இல்லை, அதனால் அதைத் தொடவும் முடியாது. சந்தையில் அந்தப் பங்கு இத்தனை வருடமும் 2 ரிங்கிட்டைச் சுற்றித்தான் நடந்தது, அதுவும் நாளுக்குச் சில ஆயிரம் பங்குதான். வேறு யாரும் போட்டி ஆஃபர் கொடுக்கப் போவதில்லை. எல்லாவற்றையும்விட, புத்தகத்தில் ஒரு வரி இருந்தது: ‘கம்பெனியைப் பங்குச் சந்தைப் பட்டியலில் தொடர்ந்து வைத்திருக்கும் எண்ணம் ஆஃபர் கொடுப்பவருக்கு இல்லை.’ இந்த வரி இருக்கிறதா இல்லையா என்பதை நான் விலைக்கு அடுத்ததாகப் பார்ப்பேன்.

கையெழுத்துப் போடாமல் இருந்தால்

இங்கே மூன்று எண்ணிக்கையை மனதில் வைத்தால் போதும்.

முதலாவது, பாதி. கட்டாய ஆஃபருக்கு ஒரே ஒரு நிபந்தனை உண்டு. வாங்குகிறவரும் கூட்டாளிகளும் சேர்ந்து 50 விழுக்காட்டைத் தாண்ட வேண்டும். நம் கணக்கில் 36 இருக்கிறது, ஆக 14 மில்லியனுக்கு மேல் பங்கு ஏற்பு வர வேண்டும். வரவில்லை என்றால் ஆஃபர் காலாவதி ஆகும், ஒப்படைத்த பங்குகள் உங்கள் கணக்குக்கே திரும்பிவிடும். முதலிலேயே பாதிக்கு மேல் வைத்திருந்தால் இந்த நிபந்தனை கிடையாது.

அடுத்த இரண்டும் 90-தான், ஆனால் வேறு வேறு 90. பலர் இதை ஒன்று என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஆஃபருக்குள் வரும் பங்கு, அதாவது வாங்குகிறவர் தரப்பு வைத்திருப்பது போக மீதி, 64 மில்லியன். அதில் பத்துக்கு ஒன்பது, 57.6 மில்லியன், நான்கு மாதத்துக்குள் வந்து சேர்ந்தால், வேண்டாம் என்று இருப்பவரின் பங்கையும் அதே விலைக்குக் கட்டாயமாக எடுத்துக்கொள்ளும் உரிமை வாங்குகிறவருக்கு வருகிறது. பிடிக்காதவர் கோர்ட்டுக்குப் போகலாம், ஆனால் ஆறாயிரம் பங்குக்கு வக்கீல் வைப்பது கட்டுப்படியாகாது.

மற்றது, கம்பெனியின் மொத்தப் பங்கில் 90. வாங்குகிறவர் தரப்பு 90 மில்லியனைத் தொட 54 மில்லியன் ஏற்பு வந்தால் போதும். அப்போது உரிமை நம் பக்கம் வருகிறது. ஆஃபரை ஏற்காமல் விட்டவர்கூட, “என் பங்கையும் வாங்கிக்கொள்” என்று வாங்குகிறவரைக் கட்டாயப்படுத்தலாம். இதற்கென்று அவர் உங்களுக்கு நோட்டீஸ் அனுப்ப வேண்டும், குறைந்தது மூன்று மாதம் அவகாசமும் உண்டு. தபால் தாமதமாகி ஆஃபரைத் தவறவிட்டவர்களுக்கு இது இரண்டாவது கதவு.

ஆபத்து நடுவில்தான் இருக்கிறது. வாங்குகிறவர் தரப்பின் பங்கு 50-க்கு மேல் போய் 85-இல் நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களை வெளியே தள்ள அவருக்கு உரிமை இல்லை, வாங்கச் சொல்ல உங்களுக்கும் உரிமை இல்லை. சந்தையில் பங்கு இன்னும் வற்றிப்போகும். மொத்தத்தில் 90-ஐத் தொட்டுவிட்டாலோ, ஆஃபர் முடிந்து 5 சந்தை நாள் கழித்துப் பங்கு வர்த்தகத்தையே நிறுத்திவைப்பார்கள். அதன் பிறகு தரகரிடம் போய் விற்க முடியாது.

ஏற்பது என்று முடிவெடுத்தால்

முதலில் அன்றைய சந்தை விலையைப் பாருங்கள். ஆஃபரைவிட மேலே நடந்தால், தரகுக் கட்டணம் போகக் கூடுதலாக நிற்குமா என்று கணக்குப் போட்டுச் சந்தையிலேயே விற்கலாம். இரண்டு சந்தை நாளில் பணம் வரும். ஆஃபரை ஏற்றால், பங்கு ஒப்படைத்த நாள், நிபந்தனை நிறைவேறிய நாள், இவற்றில் எது பிந்தியதோ அதிலிருந்து 10 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும். நீங்கள் ஏற்ற பிறகு விலையை உயர்த்தினால் உயர்ந்த விலையே உங்களுக்கும் கிடைக்கும், அதனால் முந்தி ஏற்றதால் நஷ்டம் இல்லை.

ஏற்பதில் இரண்டு வேலை இருக்கிறது. பாரத்தை நிரப்பிப் புத்தகத்தில் சொல்லியிருக்கும் பங்குப் பதிவாளருக்கு அனுப்புவது ஒன்று. உங்கள் தரகரிடம் போய், பங்குகளை உங்கள் சி.டி.எஸ். கணக்கிலிருந்து ஆஃபர் கொடுப்பவரின் கணக்குக்கு மாற்றச் சொல்வது இன்னொன்று. பாரத்தை மட்டும் அனுப்பிவிட்டு வேலை முடிந்தது என்று இருந்தவர்களை நான் ஆபீஸில் பார்த்திருக்கிறேன். பங்கு மாறாவிட்டால் ஏற்பு செல்லாது. உங்கள் பங்கு தரகரின் பெயரில் நாமினி கணக்கில் இருந்தால், அவர்கள் கடைசி நாளுக்கு முன்பே ஒரு தேதி வைத்திருப்பார்கள், போன் போட்டுக் கேளுங்கள்.

அக்காவுக்கு வந்த சிக்கல் இதையெல்லாம்விடப் பெரியது. கணக்கு இறந்தவர் பெயரில் இருந்தது. அந்தப் பாரத்தில் அக்கா கையெழுத்துப் போட்டாலும் செல்லாது. முதலில் கணவரின் சொத்தை நிர்வகிக்கும் அதிகாரப் பத்திரம் வாங்க வேண்டும், பிறகு அதைக் காட்டிப் பங்கைத் தன் கணக்குக்கு மாற்ற வேண்டும். அது 21 நாளில் நடக்கிற காரியம் இல்லை.

அன்று மத்தியானமே அக்காவை ஈப்போவுக்கு அழைத்துப் போய், அதிகாரப் பத்திரத்துக்கு விண்ணப்பிக்க ஏற்பாடு செய்தோம். கணவரின் தரகர் ஆபீஸில் இறப்புச் சான்றிதழைக் கொடுத்து முகவரியை மாற்றிவிட்டு வந்தோம். ஆஃபர் முடியும் நாளில் பத்திரம் வரவில்லை. வாங்குகிறவர் தரப்பின் பங்கு மொத்தத்தில் 91-இல் முடிந்தது. அதாவது 55 மில்லியன் ஏற்பு, அவர்கள் கட்டாயமாக எடுக்கத் தேவையான 57.6-க்குக் குறைவு, நாம் வாங்கச் சொல்லத் தேவையான 54-க்கு மேல். மூன்று மாத நோட்டீஸ் இந்த முறை நேராக அக்கா வீட்டுக்கே வந்தது. அதைக் கதவிலேயே வாங்கி, பிரிக்காமல் என்னிடம் கொண்டு வந்தார். பத்திரம் கைக்கு வரும்போது இன்னும் ஐந்து வாரம் மிச்சம் இருந்தது.